உதவி: எச்சரிக்கைக் காணொளியில் சைகைமொழிபெயர்ப்பாளரின் கைகள் வெட்டுப்படுகின்றன

மூணாறு_செல்வி: தோட்டத் தொழிலாளர்களுக்கான மண்சரிவு எச்சரிக்கைக் காணொளியில், சைகைமொழிபெயர்ப்பாளரை வலது மூலையில் வட்டத்துக்குள் வைத்திருக்கிறேன். கைகளை விரித்தால் விரல்கள் மறைகின்றன. குரல் முடிந்த பிறகும் சைகை தொடர்கிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும்.

குமுளி_கேமரா: படத்தின் அளவு என்ன? வட்டம் எவ்வளவு பெரியது? உரை அவருக்கு முன்பே கிடைத்ததா?

பாலக்காடு_ராமு: இவ்விவரங்கள் இல்லாமல் கேட்பது இங்கே பழக்கமாகிவிட்டது. வட்டத்தைப் பெரிதாக்கி, சைகையை 1.3 மடங்கு வேகப்படுத்துங்கள், இரண்டும் தீர்ந்துவிடும்.

மூணாறு_செல்வி: 1920 × 1080. வட்டத்தின் விட்டம் 300. மூலப் பதிவில் கைகள் முழுதாக இருக்கின்றன. உரையைப் படப்பிடிப்பன்றுதான் கொடுத்தோம். குரலைக் கேட்டபடியே சைகை செய்தார்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்: ராமு சார், வேகப்படுத்தக் கூடாது. சைகையின் நிறுத்தமும் முகபாவமும் இலக்கணத்தின் பகுதி; விரைவுபடுத்தினால் எங்கள் காதுகேளாத மாணவர்களால் பின்தொடர முடிவதில்லை.

செல்வி, வட்டத்தை எடுத்துவிட்டு, தலைக்கு மேல் சற்று இடம்விட்டு இடுப்பு வரையிலும், முழங்கை விரியும் அளவுக்கு இருபுறமும் தெரியும்படி, 600 × 600 சதுரமாக வையுங்கள். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் திரையில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. இச்சதுரம் அதைவிடச் சற்றுப் பெரியது. மூலப் படத்தை 1320 அகலத்துக்குச் சுருக்கி இடப்புறம் வைத்தால் வரைபடம் மறையாது, கீழே எழுத்துகளுக்கும் இடம் கிடைக்கும்.

நேரச் சிக்கலுக்குக் காரணம், கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே சைகை தொடங்குவதுதான். உரையை முன்கூட்டியே கொடுத்து, சைகையை முதலில் பதிவு செய்து, அதன் நீளத்துக்கேற்பக் குரலையும் காட்சியையும் அடுக்குங்கள். ‘24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்றால் சிவப்பு எச்சரிக்கை. சுவரில் விரிசல் கண்டாலோ ஓடை கலங்கினாலோ உடனே முகாமுக்குச் செல்லுங்கள்’ என்பது உங்கள் உரை என்று வைத்துக்கொள்வோம். காதுகேளாதவரால் ஒரே நேரத்தில் வரைபடத்தையும் கைகளையும் பார்க்க முடியாது. ஆகவே சிவப்பு வரைபடத்தைக் குரலின்றி 3 விநாடி காட்டுங்கள். அப்போது அவர் கைகளைத் தாழ்த்தி நிற்கட்டும். பிறகு மழையளவு, விரிசல், முகாம் என்று மூன்று துண்டுகளாகப் பிரித்து, கைகள் ஓய்வுக்கு வந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குங்கள்.

நகரி_பாபு: எங்கள் ஊர்க் கூட்டத்தில் மேடை விளக்கு பின்னாலிருந்து அடித்ததால் பெயர்ப்பாளரின் முகமே தெரியவில்லை. விளக்கைப் பாருங்கள்.

குமுளி_கேமரா: அது நேரடி நிகழ்ச்சி, பாபு, இது பதிவு. ஆனாலும் சட்டை தோலின் நிறத்திலிருந்து வேறுபட்டு, கோடில்லாமல் இருக்க வேண்டும்.

பாலக்காடு_ராமு: தமிழ் எழுத்துகள் ஓடினால் போதாதா? படித்தவர்களுக்குச் சைகை எதற்கு?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்: சைகையே முதன்மொழியாக உள்ளவருக்குத் தமிழ் வாசிப்பு இரண்டாம் மொழி வேலை, அவசரத்தில் அது தாமதிக்கும். இரண்டும் இருக்கட்டும்.

குமுளி_கேமரா: என் ஐயம் வேறு. தமிழ்நாட்டில் படித்தவர்களும் கேரளத்தில் படித்தவர்களும் சில சைகைகளில் வேறுபடுகிறார்கள். தோட்டத்தில் இரு தரப்பும் இருக்கும்போது எதை எடுப்பது?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்: அங்குள்ள காதுகேளாதவர் ஒருவருக்கு முன்னோட்டம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூணாறு_செல்வி: சதுரமாக மாற்றியதும் கைகள் முழுதாகத் தெரிகின்றன, டீச்சர். மறுபதிவுக்கு அவர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.