லிக்விடேஷனை எதிர்த்து சப்போர்ட்டுக்கு எழுதும் மின்னஞ்சல்: எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது?

தாழைமடல்:
ஈத்தர் பெர்பெச்சுவலில் 5 ஈத்தர் லாங் வைத்திருந்தேன். நுழைந்த விலை 2,000 டாலர், லெவரேஜ் 10 மடங்கு, ஐசொலேட்டட் மார்ஜின் 1,000 டாலர். லிக்விடேஷன் விலை 1,818 என்று திரையில் இருந்தது. வேறு எந்தப் பெரிய எக்ஸ்சேஞ்சிலும் விலை 1,902-க்குக் கீழே போகவில்லை. இங்கே மட்டும், லிக்விடேஷனுக்காக எக்ஸ்சேஞ்ச் கணக்கிடும் மார்க் விலை சில விநாடிகளுக்கு 1,809-க்கு இறங்கியது. பொசிஷன் மூடப்பட்டு, மார்ஜின் முழுவதும் போய்விட்டது. அடுத்த நிமிடமே விலை 1,904. சப்போர்ட்டிலிருந்து "சந்தை விலையின்படியே மூடப்பட்டது" என்று ஒரு வரிப் பதில். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுத விரும்புகிறேன். எப்படி எழுதினால் எடுபடும்?

சுடரொளி:
மரியாதை எதற்கு? நான்கு எக்ஸ்சேஞ்சுகளின் விலைப்படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். இது மோசடி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். 1,000 டாலரையும், அதன்பின் விலை ஏறியிருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அக்டோபர் 2025-இல் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஏறத்தாழ 28 கோடி டாலர் திருப்பிக் கொடுத்ததே, அழுத்தம் இல்லாமலா கொடுத்தது?

கருங்கல்:
அந்தத் தொகை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. USDe, BNSOL, wBETH ஆகிய டோக்கன்களை ஈடாக வைத்து, அவற்றின் விலை அங்கே சரிந்த நேரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கே பெரும்பாலும் கொடுத்தார்கள். பொதுச் சரிவில் நஷ்டப்பட்டவர்களுக்கு அந்தத் தொகையில் பங்கு இல்லை. தாழைமடல், நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். தரவுப் பிழைக்குப் பொறுப்பில்லை என்று அநேகமாக எழுதியிருப்பார்கள். இந்த மின்னஞ்சலால் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெண்பனி:
எனக்கும் இதேபோல் நடந்தது. கிராஸ் மார்ஜினில் மூன்று பொசிஷன்கள் இருந்தன. பிட்காயின் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் விழுந்தது, மூன்றும் போய்விட்டன. நானும் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாமா?

எண்சுவடி:
வெண்பனி, உங்களுடையது வேறு. விலை எல்லா இடங்களிலும் விழுந்திருந்தால் அது சந்தையின் வீழ்ச்சி, விலைத் தரவில் பிழை இல்லை. வருத்தமான செய்திதான், ஆனால் முறையிட அதில் இடமில்லை.

தாழைமடல், மற்ற எக்ஸ்சேஞ்சுகளின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் "எங்கள் விலை எங்கள் விதிப்படி" என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது அந்த விதியைத்தான். மார்க் விலைக்கு அடிப்படை இன்டெக்ஸ் விலை. அது பல ஸ்பாட் சந்தைகளிலிருந்து எடுக்கப்படும் சராசரி. எந்தெந்தச் சந்தைகள், எவ்வளவு எடை, ஒரு சந்தை விலகிப்போனால் என்ன செய்வார்கள் என்பதைப் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும். அதையும் அந்த நிமிடத்தின் இன்டெக்ஸ் விலைப்படத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தாழைமடல்:
பார்த்தேன். மூன்று சந்தைகள், சம எடை. ஒரு சந்தையின் விலை நடுமதிப்பிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், அதை 5 சதவீத எல்லையிலேயே நிறுத்திக் கணக்கிடுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். இன்டெக்ஸின் கீழ்முனை 1,811. அந்த நொடியில் இரண்டு சந்தைகள் 1,906-இல் இருந்திருக்கின்றன.

எண்சுவடி:
அப்படியானால் உங்கள் வழக்கு நான் நினைத்ததைவிட வலுவானது. இரண்டு சந்தைகள் 1,906-இல் இருக்கும்போது சராசரி 1,811 ஆக வேண்டுமென்றால், மூன்றாவது சந்தையின் விலை 1,621 என்று பதிவாகியிருக்க வேண்டும். அது நடுமதிப்பிலிருந்து ஏறத்தாழ 15 சதவீதம் கீழே. அவர்கள் விதிப்படி அதை 1,811-க்கு அருகில் நிறுத்தியிருக்க வேண்டும். அப்போது சராசரி 1,874 ஆகியிருக்கும். உங்கள் லிக்விடேஷன் விலையைவிட 56 டாலர் மேலே.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த மூன்றாவது சந்தையின் சொந்த விலைப்படத்தில் 1,621-இல் வியாபாரம் நடந்திருக்கிறதா? நடக்கவில்லை என்றால் விலை வந்து சேர்ந்த வழியில்தான் பிழை. நடந்திருந்தால் யாரோ பெரிய ஆர்டர் போட்டுச் சரித்திருக்கிறார்கள், தரவு உண்மையானது. 2017 ஜூனில் GDAX எக்ஸ்சேஞ்சில் ஈத்தர் 10 சென்ட் வரை விழுந்தது இப்படி ஒரு பெரிய விற்பனை ஆர்டரால்தான். வியாபாரங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டு, தங்கள் விருப்பத்தின் பேரில் ஈடு கொடுத்தார்கள். உங்கள் வாதம் விதியைச் சார்ந்து நிற்பதால் இரண்டிலும் செல்லும். ஆனால் மின்னஞ்சலின் சொற்கள் மாறும்.

கருங்கல்:
ஒரு ஓட்டை இருக்கிறது. மார்க் விலை இன்டெக்ஸ் மட்டும் இல்லை. பெர்பெச்சுவலுக்கும் இன்டெக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியும் அதில் சேரும். அந்த நேரத்தில் அது 60 டாலர் கீழே இருந்திருந்தால், விதியைச் சரியாகப் பின்பற்றியிருந்தாலும் பொசிஷன் போயிருக்கும்.

எண்சுவடி:
நல்ல கேள்வி. ஆனால் மார்க் 1,809, இன்டெக்ஸ் 1,811. வித்தியாசம் 2 டாலர்தான். திருத்திய மார்க் 1,872 என்று வரும்.

தாழைமடல்:
மூன்றாவது சந்தையின் ஒரு நிமிடப் படத்தில் கீழ்முனை 1,903. 1,621 எங்கும் இல்லை. எவ்வளவு கேட்பது?

எண்சுவடி:
520 டாலர். அடுத்த நிமிடம் 1,904-இல் உங்கள் பொசிஷன் உயிரோடு இருந்திருந்தால், 480 டாலர் நஷ்டத்தில் இருந்திருக்கும். மார்ஜினில் மீதி 520. இந்தப் பிழை உங்களிடமிருந்து எடுத்தது அதைத்தான். வரைவு கீழே:

> வணக்கம். எனது ஈத்தர் பெர்பெச்சுவல் லாங் பொசிஷன் (ஆர்டர் எண், UTC நேரம் இணைப்பில்) 1,809 மார்க் விலையில் மூடப்பட்டது. அப்போது இன்டெக்ஸ் 1,811. தாங்கள் வெளியிட்டுள்ள மூன்று சந்தைகளில் இரண்டு 1,906-இல் இருந்தன. எனவே மூன்றாவது சந்தையின் விலை ஏறத்தாழ 1,621 என எடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. அச்சந்தையின் பொது விலைப்படத்தில் அப்படி ஒரு வியாபாரம் இல்லை. தங்கள் 5 சதவீத விதியைப் பின்பற்றினால் இன்டெக்ஸ் 1,874 ஆகிறது, பொசிஷன் மூடப்பட்டிருக்காது.
>
> அந்த நொடியில் மூன்று சந்தைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட விலைகளையும், விதி செயல்பட்டதா என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விதி செயல்படவில்லை என்றால், பிழை சரியான பிறகு இருந்த 1,904 விலைப்படி 520 டாலரைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். இதை விலைக் கணக்கீட்டைக் கவனிக்கும் குழுவுக்கு அனுப்பினால் நன்றி.

மோசடி என்ற சொல் வேண்டாம். அதைப் பார்த்ததும் டிக்கெட் சட்டப் பிரிவுக்குப் போய்விடலாம், அங்கே யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

சுடரொளி:
வரைவு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 520 அநியாயம். பிழையை அவர்கள் செய்துவிட்டு, நஷ்டத்தில் பாதியை இவர் ஏற்க வேண்டுமா? குறைந்தபட்சம் பொசிஷனையே 2,000 விலையில் திரும்பத் திறந்துகொடுக்கச் சொல்லுங்கள். இன்று ஈத்தர் 1,960-இல் இருக்கிறது, இவருக்கு 800 டாலர் மீதியிருக்கும்.

எண்சுவடி:
480 டாலர் நஷ்டம் சந்தை கொடுத்தது, அவர்கள் கொடுத்தது இல்லை. 1,904-இல் இவர் மறுபடி வாங்கியிருக்கலாமே என்பார்கள், அதற்குப் பதில் சொல்வது கடினம்.

கருங்கல்:
கையில் இருந்த மார்ஜினைப் பறித்துவிட்டு மறுபடி வாங்கியிருக்கலாம் என்றால் எந்தப் பணத்தில்? இந்த இடத்தில் நான் சுடரொளி பக்கம். ஆனால் பதில் வருமா என்பதில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. தாழைமடல், இழப்பீட்டுக்குப் பதிலாக வர்த்தகக் கட்டணக் கூப்பன் தருகிறோம் என்று வந்தால், அதை ஏற்பதோடு முறையீடு முடிகிறது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

தாழைமடல்:
520 என்றே எழுதி அனுப்புகிறேன். விலைப்படங்களை இன்றே சேமித்துவிட்டேன். அந்த மூன்று விலைகளையும் தர மறுத்தால் அடுத்து யாரிடம் போவது என்று யாருக்காவது தெரியுமா?