சீஸ் ரைண்டுக்கு "தோல்"னு சொல்லலாமா? அந்த வெள்ளைப் புள்ளிக்கு என்ன பேரு?

நீலமேகம், மன்னார்குடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பானை ரசத்தைக் கொட்டிட்டு வந்து எழுதுறேன். பையன் ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வரும்போது முக்கோணமா ஒரு கௌடா சீஸ் துண்டு கொண்டாந்தான், 18 மாசம் பழசுன்னு லேபிள்ல போட்டிருக்கு. வெளிய மஞ்சளா பளபளன்னு ஒரு தோல், வெட்டுன பக்கம் பூரா ரவை அளவுக்கு வெள்ளை வெள்ளையா புள்ளி. சீஸ் தோலை சூப்ல போட்டுக் கொதிக்க விட்டா வாசனையா இருக்கும்னு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்து அதை அரிஞ்சு தக்காளி ரசத்துல போட்டேன், பத்து நிமிஷத்துல மஞ்சளா ஒரு ஏடு பிரிஞ்சு வந்து கரண்டில சுத்திக்கிச்சு, பால் பாக்கெட் கவரை உள்ள போட்ட மாதிரி.

நான் படிச்ச கட்டுரைல ரைண்டுக்குத் "தோல்"னு போட்டிருந்தாங்க. தோல்னா மாங்காத் தோல் மாதிரி நெனச்சுக்கிட்டேன், தப்பு அந்த சொல்லுல ஆரம்பிச்சுது. நம்ம சொல் பட்டியலுக்கு வேற சொல்லு வேணும். புள்ளிக்கும் ஒண்ணு வேணும், ஏன்னா வீட்ல அதைப் பாத்துட்டு "பூத்துப்போச்சு, தூக்கிப் போடுங்க"ன்னு ஒரே சத்தம்.

தையல்நாயகி, கும்பகோணம்:

தம்பி, கல்யாணத்துக்குத் திரட்டுப்பால் கிண்டுறவ நான், பாலாடை நறநறன்னு ஆனா சீனிப் பாகு முறுகிடுச்சுன்னு அர்த்தம், அடுப்பைக் குறைச்சு வைக்கணும். அதுக்கு எதுக்கு தனிப் பேரு, "சீனி பூத்துப் போச்சு"ன்னுதான் சொல்லுவோம்.

அன்வர், நாகூர்:

அக்கா, அவர் சொல்றது பாலாடை இல்ல, மாசக்கணக்கா வச்சுப் பழுக்க விட்ட சீஸ். சீனிக்கு அங்க வேலை இல்ல, பால்ல இருக்குற இனிப்பை ஆரம்பத்துலயே பாக்டீரியா தின்னு புளிப்பாக்கிடும்.

அது உப்பு. எங்க தெருவுல பழைய சுண்ணாம்புச் சுவர் பூரா வெள்ளையா உப்பு பூத்திருக்கும், அதே கதைதான். நான் வாங்கி வச்ச செடார்லயும் பாக்கெட் பிரிச்சு ரெண்டு வாரத்துல ஓரமா வெள்ளையா மாவு மாதிரி வந்துச்சு, சுரண்டி வெதுவெதுப்பான தண்ணில போட்டேன், கரைஞ்சிருச்சு. பூஞ்சையா இருந்தா மிதந்துக்கிட்டு அப்படியே கிடக்கும். சார், நீங்களும் போட்டுப் பாருங்க. சொல்லு "உப்புப்பூ". முடிஞ்சுது.

நீலமேகம்:

போட்டுப் பாத்தேன் பாய். ஊசியால நாலு புள்ளியைக் கிண்டி டம்ளர்ல போட்டு அரை மணி நேரம் ஆச்சு, அடியில மணல் மாதிரி உக்காந்திருக்கு, கரையவே இல்ல. அப்ப இது பூஞ்சையா?

மங்கையர்க்கரசி, திருவையாறு:

சார் தூக்கிப் போட்றாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் பால்பண்ணை லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவ.

அன்வர் தம்பி சொன்னது அவர் செடாருக்குச் சரி. அது கால்சியம் லாக்டேட், பால் புளிச்சு வர்ற அமிலமும் பால்ல இருக்குற கால்சியமும் சேர்ந்தது. சாப்பாட்டு உப்பு இல்லன்னாலும் வேதியியல் கணக்குல அதுவும் ஒரு உப்புதான். பெரும்பாலும் மேல்பக்கம்தான் வரும், பாக்கெட் சீஸோட ஒட்டாம தொளதொளன்னு இருந்தா ஈரம் தேங்கி அந்த இடத்துல கட்டும், வெதுவெதுப்பான தண்ணில கரையும்.

உங்க கௌடாவுல இருக்குறது வேற ஆளு. சீஸ் பழுக்கப் பழுக்க அதுல இருக்குற புரதம் துண்டு துண்டா உடைஞ்சு கடைசில அமினோ அமிலமா வந்து நிக்கும். அதுல டைரோசின்னு ஒண்ணு, தண்ணியோட ஒத்தே போகாது, ஒரு லிட்டர்ல அரை கிராம் கூட கரையாது. கரையாதது ஒண்ணோட ஒண்ணு கூடி உள்ளுக்குள்ளயே மணியா கட்டிக்கும். அதனால டம்ளர்ல கரையலன்னு பூஞ்சைன்னு முடிவு கட்டக்கூடாது, அந்தச் சோதனை செடார் மாவுக்கு மட்டும்தான். (1846ல லீபிக் அதை முதல்ல பிரிச்சு எடுத்ததே சீஸ் புரதத்துல இருந்துதான், கிரேக்கத்துல டைரோஸ்னா சீஸ். பேரு வச்சவங்க நம்மள மாதிரி இவ்ளோ கஷ்டப்படல.)

ஒரு புள்ளியைப் பல்லுல கடிச்சுப் பாருங்க, நறுக்குன்னு உடையணும். பூஞ்சை உடையாது, பஞ்சு மாதிரி அமுங்கும். லென்ஸ் வச்சுப் பாத்தா முடி முடியா தெரியும், நாலு நாள் விட்டா வட்டம் பெருசாகும், பச்சையோ சாம்பலோ நிறம் ஏறும். அதுக்குக் காத்து வேணும், வெடிப்பு இல்லாத கட்டி சீஸ் நடுவுல அப்படி வந்து உக்காராது.

நீலமேகம்:

கடிச்சேன். நறுக்குன்னுது. சம்சாரத்துக்கும் ஒண்ணு குடுத்தேன், "பனங்கற்கண்டு மாதிரி உடையுது, ஆனா இனிப்பு இல்ல"ன்னாங்க. ஆனா வெளிய அந்த மஞ்சள் தோல்?

மங்கையர்க்கரசி:

அது சீஸே இல்ல சார், பிளாஸ்டிக் பூச்சு. கௌடாவுக்குக் காயாம இருக்க, பூஞ்சை ஏறாம இருக்க பூசுறது, பூஞ்சைத் தடுப்பு மருந்தும் அதுல கலந்திருப்பாங்க. எடாமுக்குச் சிவப்பு மெழுகு. ரெண்டையும் உரிச்சுத் தூர வைக்கணும், பூச்சுக்கு அடுத்தாப்ல ஒரு விரல்கடை சீஸையும் சேர்த்துச் சீவிடலாம். சூப்ல போடலாம்னு நீங்க படிச்சது பார்மேசான்ல பூச்சு இல்லாத வகைக்கு, அங்க வெளிப்புறம் சீஸே காஞ்சு இறுகினது, பல்லுக்குக் கடினமே தவிர தின்னலாம்.

அதனால என் கட்சி இதுதான்: தானா காஞ்சு இறுகினதுக்குப் "பொருக்கு", பூசினதுக்கு "உறை". பொருக்குன்னா நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டாம், ஆத்துல தண்ணி வடிஞ்சதும் வண்டல் காஞ்சு ஏடு ஏடா எழும்பி நிக்குமே, அது மண்ணேதான், வேற எதுவும் மேல வந்து ஒட்டல. உறைன்னா கழட்டணும்னு சொல்லுலயே இருக்கு.

அன்வர்:

பொருக்கு நல்லாருக்கு, ஆனா புண்ணு மேல இருக்குறதும் பொருக்குதானே, தின்னுற சாமானுக்கு வைக்கலாமா? "புறணி"ன்னு ஒரு அகராதில பாத்தேன்.

தையல்நாயகி:

புறணி பேசுறதுன்னா ஊர்ல வேற அர்த்தம் தம்பி. "புறணி தின்னலாமா"ன்னு கேட்டா சிரிப்பாங்க.

சரி, எனக்கு இப்பதான் விஷயம் புரியுது. பேத்தி ஒரு வட்டமான சீஸ் வாங்கியாந்தா, வெளிய வெள்ளையா வெல்வெட்டு மாதிரி. அது பொருக்கா உறையா? மருமக மாசமா இருக்கா, அவளும் கேக்குறா.

மங்கையர்க்கரசி:

அக்கா, அது பிரீயோ கேமம்பேரோ. அந்த வெல்வெட்டு நெசமாவே பூஞ்சைதான், வேணும்னே விதைச்சது, மத்தவங்க தோலோட தின்னுவாங்க. மருமகளுக்கு மட்டும் குடுக்காதீங்க, மாசமா இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி மென்மையான சீஸ்ல லிஸ்டீரியாங்கிற கிருமி பயம் உண்டு, ஆவி பறக்கச் சூடாக்காம சாப்பிடக்கூடாதும்பாங்க.

இது பொருக்கும் இல்ல, உறையும் இல்ல. "பூந்தோல்"னு மனசுல வருது, ஆனா "பூ" போட்டா திரும்ப அந்தக் குழப்பம்தான். நம்ம பேச்சுல உப்பும் பூக்கும், பூஞ்சையும் பூக்கும், சுவரும் பூக்கும். அதனாலதான் "உப்புப்பூ"வை நான் ஒத்துக்கல. உள்ள கட்டுற மணிக்கு "பரல்"னு வைக்கலாம், சிலம்புக்குள்ள கிடக்குற பரல் மாதிரி தனித்தனியா, கெட்டியா. மேல படியிற லாக்டேட்டுக்கு "உப்புப்படிவு".

அன்வர்:

பரலுக்கு ஓட்டு போடுறேன். உப்புப்படிவுன்னா எங்க போர்வெல் பைப்புதான் கண்ணுல நிக்குது, "உப்புப்பூ"வை நான் விடுறதா இல்ல. சார், மிச்ச கௌடாவை என்ன பண்ணப் போறீங்க?

நீலமேகம்:

உறையை உரிச்சாச்சு, பரலோட பாதி காலி. "பொருக்கு", "உறை", "பரல்" மூணையும் பட்டியல்ல ஏத்துறேன், உப்புப்பூ – உப்புப்படிவு எதிர்ல கேள்விக்குறி போட்டிருக்கேன். பூந்தோலுக்கு யாராச்சும் யோசிங்க. வீட்ல இன்னும் ரசத்தை மறக்கல.