0 முதல் 3 வரை 1/(x−1)²: விடை −3/2 வருகிறது, எங்கே தப்பு?

யாழினி_க
0 முதல் 3 வரை 1/(x−1)² ஐத் தொகையிடச் சொன்னார்கள். −1/(x−1) ஐ வகையிட்டால் கேட்ட சார்பு கிடைக்கிறது, சரிபார்த்துவிட்டேன். மேல் எல்லை 3 போட்டால் −1/2. கீழ் எல்லை 0 போட்டால் 1. கழித்தால் −3/2.

ஆனால் சார்பு வர்க்கத்தில் இருக்கிறது, எங்குமே குறை எண் ஆகாது. பரப்பு எப்படி மைனஸில் வரும்? குறி எங்காவது மாறிவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன், எதுவும் சிக்கவில்லை. இன்னொரு குழப்பம்: தோழி இதே முறையில் 1/(x−1)^(2/3) ஐப் போட்டாள், அவளுக்குச் சரியான விடை வந்தது.

முத்து_கணக்கு
x = 1 இல் பகுதி பூஜ்ஜியம் ஆகிறது பாருங்கள், அங்கேதான் சிக்கல். வரைபடம் அந்த இடத்தில் மேலே ஓடிவிடும். 0 முதல் 1, 1 முதல் 3 என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். 1/(x−1) மாதிரி ஒற்றைப்படை அடுக்கு என்றால் பிரிக்கவே வேண்டாம். இடப்பக்கம் மைனஸ் முடிவிலி, வலப்பக்கம் பிளஸ் முடிவிலி, இரண்டும் அடிபட்டு ln 2 வந்துவிடும். உங்கள் கணக்கில் இரண்டு பக்கமும் பிளஸ் என்பதால் அடிபடாது.

பொறியாளன்_எண்முறை
கையால் போட்டு ஏன் அவதிப்படுகிறீர்கள்? நான் நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தேன்:

```python
n = 1000
h = 3 / n
s = 0
for k in range(n):
    x = (k + 0.5) * h
    s += h / (x - 1)**2
print(s)
```

சுமார் 13,158 வருகிறது. −3/2 இல்லை என்பது மட்டும் உறுதி. துல்லியம் போதவில்லை போல, n ஐக் கூட்டினால் சரியான எண் கிடைக்கும்.

செ_வே
யாழினி, உங்கள் குறியில் தப்பு இல்லை. F(3) − F(0) என்று எழுதிய அந்த ஒரு வரிதான் தப்பு. F இன் இரு முனை மதிப்புகளைக் கழித்தால் போதும் என்ற தேற்றம், இடையில் சார்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் செல்லும். இங்கே x = 1 இல் செங்குத்துத் தொலைத்தொடுகோடு இருக்கிறது, −1/(x−1) உம் அதே இடத்தில் உடைகிறது. இடப்பக்கம் அது மேலே போய், வலப்பக்கம் அடியிலிருந்து ஏறி வருகிறது. முனைகளை மட்டும் பார்த்தால் நடுவில் நடந்த இந்தத் தாவல் கணக்கில் வராது.

1 ஐச் சுற்றி ஒரு சிறு இடைவெளி விட்டுப் போட்டுப் பாருங்கள். 0 முதல் 1−ε வரை: 1/ε − 1. 1+ε முதல் 3 வரை: 1/ε − 1/2. கூட்டினால்

2/ε − 3/2

உங்கள் −3/2 எங்கே இருக்கிறது தெரிகிறதா? அது தற்செயலாக வந்த எண் இல்லை. நீங்கள் F(3) − F(0) எழுதியபோது 2/ε என்ற பகுதியைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டீர்கள், மீதிதான் கையில் நிற்கிறது. ε = 0.01 என்றால் கூட்டுத்தொகை 198.5, ε = 0.001 என்றால் 1998.5. எல்லை இல்லை, ஆகவே தொகையீடு விரிகிறது. விடைத்தாளில் அதை எழுத ஒரு பக்கம் போதும்: 0 முதல் 1 வரை உள்ள பகுதி விரிகிறது என்று காட்டிவிட்டால் மற்றப் பக்கத்தைத் தொட வேண்டியதே இல்லை.

பொறியாளன், n = 10000 கொடுத்து ஓட்டுங்கள்.

பொறியாளன்_எண்முறை
1,31,593 வருகிறது! அப்படியே பத்து மடங்கு. நிரலில் ஏதோ பிழையா?

செ_வே
நிரல் சரியாகத்தான் வேலை செய்கிறது. குவியும் தொகையீட்டில் n கூடக் கூட எண் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். இங்கே புள்ளிகளை நெருக்கினால் அவற்றில் ஒன்று 1 க்கு இன்னும் அருகே போகிறது, அந்த ஒரு உறுப்பே மொத்தத்தையும் ஆள்கிறது. n பத்து மடங்கானதும் விடையும் பத்து மடங்கானது 1/ε வேகத்தில் விரிவதன் அடையாளம். ஒரே ஒரு n க்கு ஓட்டி வந்த எண்ணை நம்பிவிடாதீர்கள்.

இப்போது தோழியின் கணக்கு. அங்கே F = 3(x−1)^(1/3). இது 1 இல் உடையவில்லை, இரு பக்கத்திலிருந்தும் பூஜ்ஜியத்துக்கே வந்து சேர்கிறது. இடப்பக்கம் 3 − 3ε^(1/3), எல்லை 3. வலப்பக்கம் 3·2^(1/3), ஏறக்குறைய 3.78. மொத்தம் 6.78. இடைவெளியைக் கவனிக்காமல் போட்டாலும் இதே விடைதான் வரும், ஏனென்றால் F க்கு நடுவில் தாவல் கிடையாது. விடை சரி, ஆனால் பிரித்துக் காட்டாததற்கு மதிப்பெண் குறைக்கிற ஆசிரியர்கள் உண்டு.

(இதையும் நிரலில் போட நினைப்பவர்கள் abs(x − 1) எழுதுங்கள். பைத்தானில் குறை எண்ணைப் பின்ன அடுக்குக்கு உயர்த்தினால் கலப்பெண் வந்து நிற்கும்.)

முத்து சொன்ன பிரித்தல் சரி. ஆனால் 1/(x−1) பற்றிய பகுதியை ஒப்புக்கொள்ள முடியாது. இடப்பக்கம் ε, வலப்பக்கம் δ என்று வெவ்வேறு இடைவெளி விடுங்கள். ln 2 + ln(ε/δ) வரும். ε = δ என்றால் ln 2. δ = 2ε என்றால் 0. ε = 2δ என்றால் ln 4. இரு பக்கமும் தனித்தனியாகத்தான் எல்லைக்குப் போக வேண்டும், அவற்றை ஒன்றாகக் கட்டிவிட யாரும் அனுமதி தரவில்லை. ஒற்றை விடை இல்லாததால் இதுவும் விரிகிறது.

முத்து_கணக்கு
அப்படியானால் என் பயிற்சித்தாளின் விடைப்பட்டியலில் ln 2 என்று ஏன் போட்டிருக்கிறது? இரண்டு பக்கமும் ஒரே அளவு பரப்புதானே, ஒன்று கீழே, ஒன்று மேலே. இயற்பியலிலும் இப்படித்தான் அடித்துவிடுகிறார்கள்.

செ_வே
கேள்வியில் தொகையீட்டுக் குறிக்கு முன் P.V. என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேட்டது கோஷி முதன்மை மதிப்பு, அதற்கு ε = δ என்று வைப்பதே வரையறை, ln 2 சரி. இயற்பியலில் அடிப்பதும் அந்த மதிப்பைத்தான். அந்த எழுத்துகள் இல்லையென்றால் பட்டியல்தான் தப்பு.

முத்து_கணக்கு
அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் விடைப்பட்டியலை மாற்றச் சொல்ல நான் யார்? எனக்கு இன்னும் ln 2 தான் இயல்பாகப் படுகிறது.

யாழினி_க
எனக்குப் புரிந்துவிட்டது, 2/ε − 3/2 ஐப் பார்த்ததும் தெளிந்தது. நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: பகுதி எங்கே பூஜ்ஜியமாகிறது என்பது கண்ணில் படவில்லை என்றால்? x³ − x − 1 மாதிரி வந்தால், அதே 0 முதல் 3 வரை?

பொறியாளன்_எண்முறை
குறி மாறுகிறதா பாருங்கள். 0 இல் −1, 3 இல் 23. நடுவே எங்கோ வெட்டுகிறது. எண்முறையில் தேடினால் 1.3247 அருகே.

செ_வே
ஆமாம், அங்கே வகைக்கெழு பூஜ்ஜியமில்லை, ஆகவே அந்தப் புள்ளியருகே 1/(x−c) போலவே நடந்துகொள்ளும், விரியும். மூலத்தின் துல்லியமான மதிப்பு கூட வேண்டியதில்லை. ஆனால் குறிச் சோதனை எல்லாவற்றுக்கும் உதவாது: யாழினியின் (x−1)² க்கு 0 இலும் 3 இலும் குறி பிளஸ்தான். இப்படித் தொட்டுவிட்டுத் திரும்பும் மூலங்களுக்குப் பகுதியின் சிறும மதிப்பைத் தேடுவது ஒரு வழி.

பொறியாளன்_எண்முறை
சிறுமம் 10⁻⁹ என்று வந்தால் அதைப் பூஜ்ஜியம் என்று எடுப்பதா, வேண்டாமா?