புதுப்பிப்பு: 13, 14, 15 முக்கோணம்

கேட்டிருந்தது: “பக்கங்கள் 13, 14, 15. கொசைன் விதியைத் தொடாமல் கோணங்களைக் காண வழியுண்டா?”

உண்டு. பரப்பு 84, அரைச்சுற்றளவு s = 21, ஆகவே உள்வட்ட ஆரம் r = 4 என்று ஒருவர் சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். இன்னொருவர் சுற்றுவட்ட ஆரம் 8.125 என்றார், கணக்கு சரி, வட்டம்தான் வேறு. முடிச்சை அவிழ்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். “A முனையிலிருந்து உள்வட்டம் தொடும் புள்ளிவரை நீளம் s − a. அங்கே ஆரம் செங்குத்து. மையமோ கோணத்தைப் பாதியாக்கும் கோட்டில். அந்தச் செங்கோண முக்கோணத்தைப் பாருங்கள்” என்றார்.

A-க்கு எதிர்ப்பக்கம் a = 13 எனில் tan(A/2) = r/(s − a) = 4/8; கோணம் A சுமார் 53.13°. மற்றவை 4/7, 4/6. மூன்றையும் இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 1 வரவேண்டும்: 2/7 + 8/21 + 1/3. வருகிறது.

முழு எண் பக்கங்களுக்கு r எப்போது முழு எண்ணாகும் என்று ஒருவர் கேட்டது இன்னும் நிற்கிறது.