லீக் புள்ளிப் பட்டியல் போட்டோவை வரிசையா மாத்தணும், எண் எல்லாம் தப்பா வருது. அவசரம்

வெண்ணாத்தங்கரை: போர்டுல இருக்கிற புள்ளிப் பட்டியலைப் போட்டோ எடுத்து ஷீட்ல ஏத்தினேன். அணி, ஆட்டம், வெற்றி, தோல்வி, புள்ளின்னு அஞ்சு பத்தி வேணும். வருது, ஆனா கணக்கு உதைக்குது. சாயங்காலத்துக்குள்ள குரூப்ல போடணும். உதவுங்க.

குடமுருட்டி: என்ன விளையாட்டு? அச்சா, கையெழுத்தா? எதை வச்சு எழுத்தை எடுத்தீங்க? வந்ததை அப்படியே இங்க ஒட்டுங்க.

டெல்டா_மணி: கம்ப்யூட்டர்ல டெசராக்ட் போட்டா முடிஞ்சுது.
```
tesseract board.png out -l tam+eng --psm 6
```

பழைய_ஸ்கோரர்: ஒரு லீக்ல எத்தனை அணி இருக்கும்? ஆறா, எட்டா? கையால அடிச்சா அஞ்சு நிமிஷம். இதுக்கு ஒரு இழை! போன மாசமும் இதே கேள்விக்கு இதைத்தான் சொன்னேன்.

வெண்ணாத்தங்கரை: கிரிக்கெட், டென்னிஸ் பால். ஃப்ளெக்ஸ்ல கட்டம் அச்சு, எண் மார்க்கர்ல எழுதினது. கையில போன் மட்டும்தான். லென்ஸ்ல காப்பி பண்ணேன், ஒவ்வொரு பத்தியா வந்துச்சு, பக்கத்துல பக்கத்துல ஒட்டினேன்.
```
வலங்கைமான்    4  4  1  8
நீடாமங்கலம்    4  3  1  6
பாபநாசம்      4  2  2  5
அம்மாபேட்டை   4  1  3  3
கொரடாச்சேரி   4  1  4  2
திருவையாறு    4  0     0
```

டெல்டா_மணி: வெற்றியும் தோல்வியும் கூட்டினா ஆட்டம் வரணும். வலங்கைமானும் கொரடாச்சேரியும் அஞ்சு வருது, திருவையாறுல தோல்வியே இல்ல. அந்த மூணை மட்டும் திருத்துங்க, மத்தது சரி.

குடமுருட்டி: மணி அண்ணே, மார்க்கர் கையெழுத்துக்கு டெசராக்ட் சரிப்படாது, அது அச்செழுத்துக்குப் பழக்கினது. கூட்டல் சோதனையும் பாதிதான் சரி. பாபநாசத்தைப் பாருங்க. ரெண்டு வெற்றி, ரெண்டு தோல்வி, கூட்டினா நாலு. ஆனா வெற்றிக்கு ரெண்டு புள்ளின்னா நாலு புள்ளிதானே வரணும், அஞ்சு எப்படி வந்துச்சு? அம்மாபேட்டைக்கும் ஒரு புள்ளி கூட இருக்கு. ரெண்டு பேரும் ஆடின ஆட்டம் ஒண்ணு முடிவில்லாம நின்னுருக்கணும்.

தம்பி, வலங்கைமான் தோத்ததே இல்லையா? போர்டுல அந்தக் கட்டத்துல கோடு இழுத்திருக்கா, காலியா?

கபடி_கொல்லை: எங்க கபடிலயும் இதே கூத்துதான். ஜெயிச்சா 5, சமன்னா 3, 7 புள்ளிக்குள்ள தோத்தா 1னு முன்னாடி புரோ கபடில இருந்த மாதிரி வச்சோம். போட்டோல 1 எல்லாம் 7 ஆயிடுச்சு. உங்களுக்கும் அதுதான்.

குடமுருட்டி: இது எழுத்து மாறினது இல்ல அண்ணே, பத்தி நழுவினது. கோட்டையோ காலிக் கட்டத்தையோ லென்ஸ் விட்டுட்டுது. கீழ இருந்த அஞ்சு எண்ணும் ஒரு படி மேல ஏறிடுச்சு. அதான் திருவையாறு காலி. ஷீட்ல D2 முதல் D6 வரை வெட்டி D3ல ஒட்டுங்க, D2ல 0 போடுங்க. அப்புறம் F2ல இதைப் போட்டு கீழ வரைக்கும் இழுங்க:
```
=IF(E2=C2*2+(B2-C2-D2),"சரி","பார்")
```
அடைப்புக்குள்ள இருக்கிறது முடிவில்லாத ஆட்டம். இப்ப உங்க பட்டியல்ல போட்டா நீடாமங்கலம் தவிர அஞ்சு வரிசையும் "பார்"னு வரும். அங்க மேல ஏறி வந்த எண்ணும் பழைய எண்ணும் 1, அதான் தப்பிச்சுது. நகர்த்தினதும் எல்லாம் "சரி" ஆகும். கடைசியா வெற்றிப் பத்தியையும் தோல்விப் பத்தியையும் தனித்தனியா கூட்டுங்க, ரெண்டும் 11 வரணும்.

பழைய_ஸ்கோரர்: மழையில நின்ன ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுக்கிறதே அநியாயம். எங்க காலத்துல மறுநாள் திரும்ப ஆடுவோம்.

டெல்டா_மணி: மறுநாள் கொல்லை காஞ்சாத்தானே? அறுத்த தாள்ல தண்ணி நின்னா நாலு நாள் ஆகும். அதுக்குள்ள உளுந்து முளைச்சிரும், கொல்லைக்காரர் விடுவாரா?

பழைய_ஸ்கோரர்: திரும்ப ஆடலைன்னா "ஆட்டம்" பத்தியில அதைச் சேர்க்கவே கூடாது. மூணுன்னுதான் எழுதணும்.

குடமுருட்டி: அப்படி எழுதினா என் சூத்திரம் அந்த ரெண்டு வரிசையிலயும் "பார்"னுதான் காட்டும். அது உங்க லீக் விதி, போர்டு எழுதினவரைத்தான் கேக்கணும்.

வெண்ணாத்தங்கரை: ஆமாண்ணே, வலங்கைமான் கட்டத்துல சின்னக் கோடு இருந்துச்சு, நான் கவனிக்கல. நகர்த்திட்டேன், ஆறும் சரி, 11க்கு 11. இன்னும் மூணு போர்டு போட்டோ இருக்கு.

குடமுருட்டி: அதுல எழுத்து எடுக்கும் முன்னாடியே போட்டோ எடிட்டர்ல கோடு இருக்கிற இடத்துல பெரிசா 0 எழுதிட்டு எடுங்க. போர்டுல சமன்னு தனிப் பத்தி ஏதும் இருக்கா?

கபடி_கொல்லை: அப்ப என் 7க்கு என்ன வழி?