ட்வீட்டர் வயரை மாற்றலாமா? ஸ்பீக்கர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நானும் நண்பனும் ஒரு ஜோடி பழைய டூ-வே ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தோம். பாட்டு போட்டால் பேஸ் காணோம். பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறியது. ஆம்ப் போச்சு என்றான் அவன். ஆனால் ஒரு பெட்டியின் வயரைக் கழற்றியதும், மிச்சமிருந்த ஒற்றைப் பெட்டியில் பேஸ் கூடியது! அங்கேதான் சந்தேகம் வந்தது.

ஆம்பை அணைத்து, வயர்களைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தோம். சிவப்பு முனையில் பிளஸ் வைத்தால் ஒரு வூஃபர் முன்னால் வந்தது, மற்றது உள்ளே போனது. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர்; பெட்டிகளுக்கு நடுவே 2 மீட்டர்தான். அதனால் நாம் நடுவில் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடுகின்றன. 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே ஓரிடத்தில் அழிவதும் இன்னோரிடத்தில் கூடுவதுமாக மாறும், அதனால் மேல் ஒலி மெலியவில்லை.

சரி, உள்ளே திறந்தால் யாரோ வூஃபர் வயரை மாற்றிச் சால்டர் செய்திருந்தார்கள். அதைத் திருப்பியதும் பேஸ் வந்துவிட்டது.

இப்போது கேள்வி: இரண்டு பெட்டியிலுமே ட்வீட்டரின் பிளஸில் கறுப்பு வயர் இருக்கிறது. கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு ஒரு கெபாசிட்டர், ஒரு காயில். இப்படிப்பட்ட செகண்ட் ஆர்டர் அமைப்பில் வேண்டுமென்றே திருப்புவார்கள் என்கிறான் நண்பன். அப்படியே விடலாமா? மைக் இல்லாமல் சோதிக்க வழி உண்டா?