டீம் லீட் வேலையிலிருந்து டிரெயினிங்குக்கு: ரெஸ்யூமேயில் எதை மாற்றினீர்கள்?

சோழிங்கநல்லூர்வாசி
ஐ.டி. சப்போர்ட்டில் டீம் லீடாக இருந்தேன். இப்போது வெண்டர்கள் வழியாக நிறுவனங்களில் பயிற்சி கொடுக்கிறேன். "டீமை நிர்வகித்தேன், எஸ்.எல்.ஏ. தவறவில்லை" என்ற வரி இன்னொரு டீம் லீட் வேலைக்குத்தான் உதவும் என்று எடுத்துவிட்டு, இப்படி எழுதினேன்: "புதிதாகச் சேர்ந்தவர்கள் தனியாக டிக்கெட் முடிக்க எட்டு வாரம் ஆனது. அவர்கள் தடுமாறும் இடங்களை வைத்துப் பயிற்சி அமைத்தேன், ஐந்து வாரமாகக் குறைந்தது." வெண்டர் போனில் கேட்டதே அந்த வரியைப் பற்றித்தான்.

அப்புறம் 20 நிமிட டெமோ. ஸ்லைடு போடவில்லை. கோபமான வாடிக்கையாளரின் மெயில் ஒன்றைக் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னேன். ஒருவர் மூன்று வரி மன்னிப்பு கேட்டிருந்தார், எப்போது சரியாகும் என்று எழுதவில்லை. அதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி எழுதவைத்தேன்.

மாடிவீட்டுக்காரர்
பி.எட். இல்லாமல் கற்பிக்கும் பக்கமே வர முடியாது சார். இரண்டு வருடம் ஒதுக்கி முதலில் அதை முடியுங்கள்.

பயிற்சிப்பிரிவு அக்கா
பள்ளிக்கு நீங்கள் சொல்வது சரி, அரசுப் பள்ளியென்றால் டெட் தேர்வும் உண்டு. நிறுவனப் பயிற்சிக்கு யாரும் பி.எட். கேட்பதில்லை. நான் டிரெயினர்களைத் தேர்வு செய்தவள். "எட்டு ஐந்தானது" என்று படித்தால் உடனே இரண்டு கேள்வி கேட்பேன். எந்த நாளை முடிவாக வைத்தீர்கள்? அவர்கள் மூடிய டிக்கெட்டில் எத்தனை மறுபடி திறக்கப்பட்டன? சீக்கிரம் மூடி, பாதி திரும்பி வந்தால் பயிற்சி பலிக்கவில்லை என்று அர்த்தம். வகுப்பு முடிந்ததும் வாங்கும் ஃபீட்பேக் படிவத்தில் இது தெரியாது. அதில் எல்லோரும் நன்றாகத்தான் மார்க் போடுவார்கள்.

சோழிங்கநல்லூர்வாசி
சீனியர் பார்க்காமல் மூடிய முதல் டிக்கெட்டின் தேதிதான் கணக்கு, அக்கா. திரும்பத் திறந்தவை கூடவில்லை. ஆனால் அதே சமயத்தில் ஒரு புது டூலும் வந்தது. எவ்வளவு குறைந்தது பயிற்சியால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெண்டரிடமும் இதைச் சொன்னேன்.

கோவை மெக்கானிக்கல்
எனக்கு 17 வருட டிசைன் அனுபவம், எம்.இ. இல்லை. இன்ஜினியரிங் காலேஜில் சேர்ப்பார்களா?

பயிற்சிப்பிரிவு அக்கா
அது வேறு வழி, தம்பி. 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்தது. குறைந்தது 15 வருட அனுபவம் வேண்டும், பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் நிரந்தர வேலை கிடையாது, மொத்தம் நான்கு வருடத்துக்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள். டிராயிங்கில் ஒரு டாலரன்ஸ் தவறி, பாகம் பொருந்தாமல் திரும்பி வந்திருக்குமே? அதை மாணவர்கள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கிற பயிற்சியாக எழுதி எடுத்துப் போங்கள்.

கோவை மெக்கானிக்கல்
நான்கு வருடம் கழித்து எனக்கு 45 வயது ஆகிவிடும். டிசைன் வேலைக்குத் திரும்ப எடுப்பார்களா அக்கா? அப்படிப் போய்த் திரும்பியவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.